சமச்சீர் அணியைச் சுழற்சிகளால் மூலைவிட்டமாக்குதல்: பூச்சியமாக்கிய இடம் ஏன் மறுபடி நிரம்புகிறது?

கேள்வி: 3×3 சமச்சீர் அணி ஒன்றை ஜேகோபி முறையில் கையால் மூலைவிட்டமாக்கிப் பார்க்கிறேன். ஒரு ஜோடியைப் பூச்சியமாக்கிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போனால், முதலில் பூச்சியமாக்கிய இடத்தில் மறுபடி ஒரு எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் எங்கேயாவது தப்பு செய்கிறேனா? கோணத்தை எப்படி எடுப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது?

பதில்:

தப்பு எதுவும் இல்லை. அந்த இடம் மறுபடி நிரம்பத்தான் செய்யும். இந்த முறையில் நாம் பூச்சியங்களைச் சேர்த்துக்கொண்டே போவதில்லை. மூலைவிட்டத்துக்கு வெளியே இருக்கும் எண்களின் மொத்தப் பருமனைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகிறோம். எந்த அளவு குறைகிறது என்று தெரிந்துகொண்டால், பூச்சியம் கலைவது உங்களை உறுத்தாது.

மூலைவிட்டத்துக்கு மேலே உள்ள உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தத் தொகையை Q என்று வைத்துக்கொள்வோம். 3×3 அணியில் Q என்பது a12, a13, a23 ஆகிய மூன்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. 1, 2 ஆகிய அச்சுகளின் தளத்தில் சுழற்றி a12 என்ற இடத்தைப் பூச்சியமாக்கும்போது, மீதமிருக்கும் a13, a23 இரண்டும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அந்தக் கலப்பு, தளத்தில் (a13, a23) என்ற புள்ளியைச் சுழற்றுவதுதான். சுழற்றினால் புள்ளி ஆதியிலிருந்து இருக்கும் தூரம் மாறாது. ஆகவே அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் மாறாது. a12 மட்டும் போய்விட்டதால், Q சரியாக a12²-இன் அளவு குறைகிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுத்ததாக 2, 3 தளத்தில் சுழற்றும்போது a12, a13 கலக்கின்றன. அப்போது a12-இல் இருந்த பூச்சியம் a13-இன் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. அந்தப் பங்கு a13-இலிருந்து இடம் மாறி வந்ததே தவிரப் புதிதாக எதுவும் முளைக்கவில்லை.

பூச்சியங்கள் நிலைத்து நிற்கும்படி கெட்டிக்காரத்தனமாக ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, எண்ணிச் சொல்லக்கூடிய சுழற்சிகளிலேயே முடித்துவிட முடியாதா என்று தோன்றலாம். பொதுவாக முடியாது என்பதற்கு அழகான காரணம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சுழற்சியிலும் நாம் செய்வது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்து செயல்களை மட்டுமே. முழு எண்களில் தொடங்கி, சில சுழற்சிகளில் கணக்கு முடிந்துவிட்டால், ஐகன் மதிப்புகள் வர்க்கமூலங்களால் மட்டுமே எழுதக்கூடிய எண்களாக இருந்தாக வேண்டும். ஆனால் விகிதமுறு மூலம் எதுவும் இல்லாத முப்படிச் சமன்பாட்டின் மூலங்களை வர்க்கமூலங்களால் மட்டும் எழுத முடியாது. கோணத்தை மூன்று சமபாகமாக்குவது அளவுகோலாலும் கவராயத்தாலும் இயலாமல் போவதற்கும் இதுவே காரணம். கீழே நாம் எடுக்கப்போகும் அணியின் சிறப்புச் சமன்பாடு λ³ − 8λ² + 14λ + 1 = 0. இதற்கு விகிதமுறு மூலம் இருந்தால் அது 1 அல்லது −1 ஆகத்தான் இருக்க முடியும்; 1-ஐ இட்டால் 8 வருகிறது, −1-ஐ இட்டால் −22 வருகிறது. ஆகவே இந்த அணியை எத்தனை சுழற்சிகளாலும் துல்லியமாக மூலைவிட்டமாக்க முடியாது; வேண்டிய அளவு நெருங்கத்தான் முடியும்.

இனிக் கோணம். p, q என்ற ஜோடியை எடுத்துக்கொண்டால், சுழற்சி அணி J-இல் pp, qq இடங்களில் c, pq இடத்தில் s, qp இடத்தில் −s, மற்றபடி அலகு அணி. புதிய அணி JᵀAJ. இந்தக் குறி ஒழுங்கை முதலிலேயே காகிதத்தின் மேல் எழுதி வைத்துவிடுங்கள். நூலுக்கு நூல் s-இன் குறி மாறும், இரண்டு நூல்களின் சூத்திரங்களைக் கலந்தால் கணக்கு கெடும். கோணத்தைக் கண்டுபிடிக்க டேன் அட்டவணையோ, தலைகீழ் டேன் பொத்தானோ தேவையில்லை. கோணத்தின் டேன் மதிப்பான t மட்டும் போதும்:

```
τ = (a_qq − a_pp) / (2 a_pq)
t = (τ-இன் குறி) × 1 / (|τ| + √(τ² + 1))
c = 1 / √(1 + t²)        s = t c

a_pp' = a_pp − t a_pq
a_qq' = a_qq + t a_pq
a_rp' = c a_rp − s a_rq
a_rq' = c a_rq + s a_rp
```

கடைசி இரண்டு வரிகளில் r என்பது p, q அல்லாத மற்ற நிரை. 3×3-இல் அது ஒன்றே ஒன்றுதான். இரண்டு மூலைவிட்ட உறுப்புகளும் சமமாக இருந்தால் τ பூச்சியம். அப்போது t-ஐ 1 என எடுத்துக்கொள்ளலாம், அதாவது 45 பாகை.

இந்த t உண்மையில் t² + 2τt − 1 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலம். அதன் இரண்டு மூலங்களின் பெருக்கற்பலன் −1 என்பதால், ஒன்று 45 பாகைக்கு மேற்படாத கோணத்தையும், மற்றது அதற்குச் செங்குத்தான பெரிய கோணத்தையும் தரும். இரண்டுமே a_pq-வைப் பூச்சியமாக்கும், Q-வும் ஒரே அளவு குறையும். ஆனால் பெரிய கோணத்தை எடுத்தால் மூலைவிட்டத்தின் இரண்டு எண்களும் அவற்றின் நிரல்களும் ஏறக்குறைய இடம் மாறிக்கொள்கின்றன. ஒவ்வொரு படியிலும் இப்படி நடந்தால் எந்த ஐகன் மதிப்பு எந்த இடத்தில் நிலைகொள்கிறது என்றே பிடிபடாது. சிறிய கோணத்தை எடுத்தால் அணி அலுங்காமல் இருந்த இடத்திலேயே படிந்துவரும். மேலே கொடுத்த சூத்திரம் எப்போதும் சிறிய மூலத்தையே தருகிறது.

அந்தச் சூத்திரத்தை வகுத்தல் வடிவில் எழுதியிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. −τ + √(τ² + 1) என்று நேராக எழுதினால், τ பெரிதாகும்போது ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்க நேரும். கீழே ஐந்தாம் படியில் |τ| = 54.2236, வர்க்கமூலம் 54.2328 என வருகிறது. நான்கு தசம இடத்தில் கழித்தால் 0.0092 என்று இரண்டே இலக்கம்தான் கையில் மிஞ்சும். அதே எண்களைக் கூட்டி, 1-ஐ அதனால் வகுத்தால் 0.009220 என்று நான்கு இலக்கம் கிடைக்கும். கையால் கணக்கிடுபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இப்போது கணக்கு. ஆறு தசம இடத்தில் செய்து, நான்கு இடத்துக்குச் சுருக்கி எழுதுகிறேன். a13 இடத்தில் வேண்டுமென்றே பூச்சியம் உள்ள அணியை எடுக்கிறேன், அது முதல் படியிலேயே நிரம்புவதைப் பார்ப்பதற்காக:

```
     1   2   0
A =  2   4   1        Q = 4 + 0 + 1 = 5
     0   1   3
```

பெரிய உறுப்பு a12 = 2. எனவே p = 1, q = 2. τ = (4 − 1)/4 = 0.75; √(τ² + 1) = 1.25; t = 1/2. அதிலிருந்து c = 0.8944, s = 0.4472. மூலைவிட்டத்தில் 1 − ½·2 = 0, 4 + ½·2 = 5. மூன்றாம் நிரையில் a13' = c·0 − s·1 = −0.4472, a23' = c·1 + s·0 = 0.8944.

```
  0.0000   0        −0.4472
  0        5.0000    0.8944        Q = 1.0000
 −0.4472   0.8944    3.0000
```

Q ஐந்திலிருந்து ஒன்றாகிவிட்டது. குறைந்தது 4, அதாவது 2-இன் வர்க்கம். a13-இல் இருந்த பூச்சியம் போய்விட்டது.

அடுத்து a23. p = 2, q = 3; τ = (3 − 5)/1.7889 = −1.1180; √(τ² + 1) = 1.5; t = −1/2.6180 = −0.3820. c = 0.9342, s = −0.3568. மூலைவிட்டத்தில் 5 + 0.3416, 3 − 0.3416. முதல் நிரையில் a12' = c·0 − s·(−0.4472) = −0.1596, a13' = c·(−0.4472) + s·0 = −0.4178.

```
  0.0000  −0.1596   −0.4178
 −0.1596   5.3416    0             Q = 0.2000
 −0.4178   0         2.6584
```

நீங்கள் கேட்ட நிகழ்ச்சி இதுதான்: a12 = −0.1596 என்று திரும்பி வந்திருக்கிறது. ஆனால் முதலில் அங்கே 2 இருந்தது. Q-வும் 1-இலிருந்து 0.2 ஆகிவிட்டது.

மூன்றாவதாக a13. τ = 2.6584/(−0.8355) = −3.1816, t = −0.1535, c = 0.9884, s = −0.1517. முதல் மூலைவிட்ட உறுப்பு −0.0641, மூன்றாவது 2.7225. இரண்டாம் நிரையில் a12' = −0.1577, a23' = 0.0242. Q இப்போது 0.0255. நான்காவதாக மறுபடி a12: τ = −17.1361, t = −0.02915, மூலைவிட்டம் −0.0687, 5.3462 என மாறுகிறது; a13' = 0.0007, a23' = 0.0242; Q = 0.000586. ஐந்தாவதாக a23: t = −0.00922, மூலைவிட்டம் 5.3465, 2.7222 ஆகிறது. வெளியே மிஞ்சியிருப்பது a13 = 0.0007 மட்டும், a12-இல் ஆறாவது தசம இடத்தில் ஒரு துளி. Q ஏறக்குறைய 0.0000005.

Q போன வேகத்தைத் திரும்பிப் பாருங்கள்: 5, 1, 0.2, 0.0255, 0.000586, 0.0000005. முதலில் மெதுவாகவும் பிறகு சரிவாகவும் விழுகிறது. குறைந்தபட்ச வேகத்துக்கு உத்தரவாதம் சொல்வது எளிது. 3×3 அணியில் முதல் படிக்குப் பிறகு மூன்று இடங்களில் ஒன்று எப்போதும் பூச்சியம். மீதி இரண்டில் பெரியதை எடுத்தால் அதன் வர்க்கம் Q-வில் பாதிக்குக் குறையாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் Q பாதியாவது ஆகும். ஆனால் கடைசிக் கட்டத்தில் நடப்பது அதைவிட மிக வேகமானது. மூலைவிட்ட எண்கள் நன்றாகப் பிரிந்து நின்றபின் t சிறிதாகிவிடுகிறது. திரும்பி வரும் எண், சிறிய s ஒன்றும் சிறிய உறுப்பு ஒன்றும் பெருக்கி வருவதால், அது சிறிதினும் சிறிதாக இருக்கிறது. நான்காம் படியில் 0.0007 வந்தது 0.0291 × 0.0242 என்பதால்தான்.

எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு விடை, உங்களுக்கு ஐகன் மதிப்புகள் மட்டும் போதுமா, ஐகன் வெக்டர்களும் வேண்டுமா என்பதைப் பொறுத்தது. கோணம் சிறிதாக இருக்கும்போது, a_pq என்ற உறுப்பைப் பூச்சியமாக்கினால் மூலைவிட்டத்தில் ஏற்படும் மாற்றம் ஏறக்குறைய a_pq²-ஐ அந்த இரண்டு மூலைவிட்ட எண்களின் வித்தியாசத்தால் வகுத்த அளவு. நான்காம் படி முடிந்ததும் a23 = 0.0242, வித்தியாசம் 2.6238, 0.000585/2.6238 = 0.000223. ஐந்தாம் சுழற்சியைச் செய்யாமலே 5.346239-உடன் இதைக் கூட்டி, 2.722468-இலிருந்து இதைக் கழித்திருந்தால் 5.346462, 2.722245 என்ற அதே எண்கள் கிடைத்திருக்கும். இப்போது மிஞ்சியிருக்கும் 0.0007-க்கு இதே கணக்கைப் போட்டால் திருத்தம் ஏழாவது தசம இடத்தில்தான் வருகிறது. ஆகவே ஐகன் மதிப்புகளை −0.06871, 2.72225, 5.34646 என்று எழுதிவிட்டு நிறுத்தலாம்.

வெக்டர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. உறுப்பின் வர்க்கத்தைப் பொறுத்தல்ல, உறுப்பையே பொறுத்து அவற்றில் பிழை இருக்கும். மிஞ்சிய 0.0007-ஐ 2.79 என்ற வித்தியாசத்தால் வகுத்தால் 0.00025, அதாவது வெக்டரின் நான்காவது தசம இடம் இன்னும் உறுதியாகவில்லை. உண்மையிலேயே, ஐந்தாம் படிக்குப் பிறகு முதல் வெக்டர் (0.8717, −0.4659, 0.1520), ஆறாம் படியில் a13-ஐயும் பூச்சியமாக்கினால் அது (0.8718, −0.4658, 0.1518) ஆகிறது. மதிப்பு ஏழாவது இடத்தில் மட்டும் அசைந்தபோது, வெக்டர் நான்காவது இடத்தில் அசைந்திருக்கிறது. வெக்டர் வேண்டுமென்றால் ஒரு சுழற்சி கூடுதலாகச் செய்வதுதான் நல்லது.

வெக்டர்களைச் சேர்த்துக்கொண்டு வர, அலகு அணி V-இல் தொடங்கி ஒவ்வொரு படியிலும் VJ-ஐக் கணக்கிட வேண்டும். மேலே r நிரைக்கு எழுதிய அதே இரண்டு வரிகள்தான்: p-ஆம் நிரல் c v_p − s v_q, q-ஆம் நிரல் c v_q + s v_p. ஆறு படிகள் முடிந்ததும் நிரல்கள் இவை:

```
 λ = −0.0687 :  ( 0.8718,  −0.4658,  0.1518)
 λ =  5.3465 :  ( 0.3898,   0.8472,  0.3610)
 λ =  2.7222 :  (−0.2968,  −0.2556,  0.9201)
```

இரண்டாவதைச் சோதித்துப் பார்ப்போம். A-இன் முதல் நிரையோடு பெருக்கினால் 0.3898 + 2 × 0.8472 = 2.0842, 5.3465 × 0.3898 = 2.0841. இரண்டாம் நிரையில் 0.7796 + 3.3888 + 0.3610 = 4.5294, எதிர்ப்பக்கம் 4.5296. மூன்றாவதில் 1.9302, எதிர்ப்பக்கம் 1.9301. நான்கு இலக்கத்துக்கு இதற்குமேல் பொருந்தாது.

கையால் செய்யும்போது எங்கே தவறு நுழைகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த முறையில் தவறான எண்களும் ஒழுங்காக ஒடுங்கி, ஏதோ ஒரு மூலைவிட்ட அணியில் போய் நிற்கும். பார்வைக்கு எதுவும் தெரியாது. பலரும் செய்யும் சோதனை, மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டி, அது தொடக்கத்தில் இருந்த 8-ஆகவே இருக்கிறதா என்று பார்ப்பது. இது போதாது. ஒரு பக்கம் t a_pq-வைக் கூட்டி மறுபக்கம் அதையே கழிக்கிறோம் என்பதால், t எவ்வளவு தவறாக இருந்தாலும் கூட்டுத்தொகை 8-ஆகவே இருக்கும். t-யின் பிழையைப் பிடிப்பது வர்க்கங்கள்: புதிய இரண்டு மூலைவிட்ட எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால், பழைய இரண்டின் வர்க்கங்களோடு 2a_pq²-ஐயும் சேர்த்த தொகை வர வேண்டும். முதல் படியில் 0 + 25 = 1 + 16 + 8. இரண்டாம் படியில் 28.5331 + 7.0669 = 35.6, மறுபக்கம் 25 + 9 + 1.6 = 35.6.

அடுத்த தவறு மிகச் சாதாரணமானது. a_rp-க்குப் புதிய மதிப்பை எழுதிவிட்டு, அந்தப் புதிய மதிப்பையே எடுத்து a_rq-வைக் கணக்கிட்டுவிடுவது. இரண்டு வரிகளிலும் வலப்பக்கம் இருப்பவை பழைய மதிப்புகள். நம் இரண்டாம் படியில் இந்தத் தவறைச் செய்திருந்தால், a13' என்பது −0.4178-க்குப் பதிலாக −0.3608 ஆகியிருக்கும், அப்போது Q 0.1557 என வரும், வர வேண்டியது 0.2. ஆகவே ஒவ்வொரு படியின் முடிவிலும் Q-வை நேராகக் கூட்டி, பழைய Q-விலிருந்து a_pq²-ஐக் கழித்ததோடு ஒப்பிட்டால் இது உடனே அகப்பட்டுவிடும்.

குறித் தவறு மட்டும் இந்த வர்க்கச் சோதனைகள் எதிலும் சிக்காது, ஏனென்றால் வர்க்கத்துக்குக் குறி தெரியாது. முதல் படியில் s-இன் குறியை மாற்றிப் போட்டு a13' = +0.4472 என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். Q சரியாக இருக்கும், மூலைவிட்டம் சரியாக இருக்கும். 3×3-இல் வேறொரு இடம் பூச்சியமாக இருப்பதால் இறுதியில் வரும் ஐகன் மதிப்புகள்கூடச் சரியாகவே இருக்கும், ஏனெனில் வெளியே ஒரு பூச்சியம் உள்ள 3×3 சமச்சீர் அணியின் சிறப்புச் சமன்பாட்டில் மற்ற இரண்டு உறுப்புகளும் வர்க்கமாகவே வருகின்றன. வெக்டர்கள் மட்டும் தவறாகப் போகும். அதனால்தான் கடைசியில் A·v-யையும் λ·v-யையும் உறுப்பு உறுப்பாக ஒப்பிடுவதைத் தவிர்க்கவே கூடாது என்கிறேன். சுருக்கச் சூத்திரங்களில் சந்தேகம் இருந்தால், முதல் படியை மட்டும் JᵀAJ என்று முழுதாகப் பெருக்கிப் பாருங்கள். குறி சரியாக இருந்தால் a12 இடத்தில் பூச்சியம் வரும். குறி மாறியிருந்தால் நம் அணியில் அங்கே 2.4 வரும், அதாவது குறைய வேண்டிய எண் வளர்ந்திருக்கும்.

எந்த ஜோடியை எடுப்பது என்பதில் கையால் கணக்கிடுபவர் தயங்க வேண்டியதில்லை: வெளியே உள்ளவற்றில் பெரியது எதுவோ அதை எடுங்கள். மூன்று எண்களில் பெரியதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 1846-ஆம் ஆண்டு கோள்களின் பாதைகளில் ஏற்படும் நீண்டகால மாற்றங்களைக் கணக்கிட ஜேகோபி இந்த முறையை வெளியிட்டபோதும் பெரிய உறுப்பைத் தேடித்தான் சுழற்றினார். அவர் இறுதிவரை சுழற்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மூலைவிட்டம் ஓங்கி நிற்கும் அளவுக்குச் சுழற்றிவிட்டு, மிச்சத்தைத் தொடர்தோராய முறையால் திருத்திக்கொண்டார். நான்காம் படிக்குப் பிறகு வகுத்தல் ஒன்றாலேயே நாம் செய்துகொண்ட திருத்தம் அந்த வழியைச் சேர்ந்ததுதான். கணினியில் பெரிய அணிகளுக்குப் பெரியதைத் தேடுவதே செலவாகிவிடும் என்பதால், (1,2), (1,3), (2,3) என்று வரிசையாகச் சுற்றிவருவார்கள்.

இரண்டு ஐகன் மதிப்புகள் மிக நெருங்கியிருந்தால் ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன திருத்தத்தில் வகுக்கும் எண் சிறிதாகிவிடுவதால் அதை நம்ப முடியாது. அந்த ஜோடியைச் சுழற்றித்தான் ஆக வேண்டும், கோணமும் பெரிதாக வரும். அப்போதும் மதிப்புகள் பத்திரமாகவே இருக்கும். வெக்டர்களின் திசையோ கடைசி இலக்கத்தின் முழுமையாக்கலுக்கே பெரிதாகத் திரும்பிவிடும். இது முறையின் குறை அல்ல. மதிப்புகள் முற்றிலும் சமமாக இருந்தால் அந்தத் தளத்தில் செங்குத்தான எந்த இரண்டு திசைகளும் சரியான விடையே என்பதன் விளைவு.

4×4 அணியில் ஆறு ஜோடிகள். ஒரு சுழற்சி, தன் ஜோடியைத் தவிர வேறு நான்கு இடங்களைக் கலைக்கும். பெரியதை எடுத்தால் Q ஒவ்வொரு படியிலும் ஆறில் ஒரு பங்காவது குறையும் என்பது மட்டுமே உறுதி. கால்குலேட்டரோடு உட்கார்ந்தால் முடியும், ஆனால் பொறுமை வேண்டும். அதற்கு மேற்பட்ட அணிகளுக்கு, பூச்சியம் கலையாத சுழற்சி வேண்டுமென்றால் 1954-இல் கிவன்ஸ் காட்டிய வழி இருக்கிறது: 2, 3 தளத்தில் சுழற்றி, a23-க்குப் பதிலாக a13-ஐப் பூச்சியமாக்குவது. இப்படி வரிசையாகச் செய்தால் ஒருமுறை வந்த பூச்சியம் பிறகு கலைவதில்லை, எண்ணிச் சொல்லக்கூடிய சுழற்சிகளில் கணக்கும் முடிந்துவிடுகிறது. ஆனால் அது கொண்டுபோய் நிறுத்துவது மூலைவிட்டமும் அதை ஒட்டிய இரண்டு வரிசைகளும் மட்டும் மிஞ்சிய அணியில். அங்கிருந்து ஐகன் மதிப்புகளுக்குப் போக மறுபடி தோராயத்தைத்தான் நாட வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட A தொடக்கத்திலேயே அந்த வடிவில்தான் இருந்தது.